கையில் பணம் இருந்தும் கட்டப்படாத மின்கட்டணம்: சோம்பலா, கவனக்குறைபாடா?

வாசகர் கடிதம்

"எனக்கு 36 வயது. ஹட்டனுக்கு அருகே ஒரு தோட்டப் பாடசாலையில் ஆசிரியையாக இருக்கிறேன். கணவர் கொழும்பில் வேலை செய்கிறார், மாதம் ஒரு முறைதான் வருவார். நானும் மாமியாரும் எட்டு வயது மகனும் வீட்டில் இருக்கிறோம். தவணைப் பரீட்சை விடைத்தாள்களை அலுமாரியில் வைத்துவிட்டு, புள்ளிப்பட்டியல் கொடுக்க வேண்டிய நாளுக்கு முந்தின இரவில் விடியவிடியத் திருத்துவேன். கையில் பணம் இருந்தும் மின்கட்டணம் கட்டாமல் விட்டதால் இரண்டு தடவை இணைப்பைத் துண்டித்துவிட்டார்கள். வெளிவாரிப் பட்டப்படிப்பைப் பாதியில் விட்டேன். ஆனால் பிளவுஸ் தைக்க உட்கார்ந்தால் ஆறு மணித்தியாலம் எழும்ப மாட்டேன். 'மனமிருந்தால் செய்கிறாள், மற்றதெல்லாம் சோம்பேறித்தனம்' என்கிறார் மாமியார். பொறுப்பில்லாதவள் என்று அதிபரும் எல்லோர் முன்னிலையிலும் சொல்லிவிட்டார். சென்ற வருடம் மகனுக்கு ஏ.டி.எச்.டி. என்ற கவனக்குறைபாடு இருப்பதாகச் சொல்லி கிளினிக்கில் மாத்திரை கொடுத்தார்கள். டொக்டர் அவனைப் பற்றிக் கேட்ட கேள்விகள் எல்லாம் என்னைப் பற்றிக் கேட்டது போல இருந்தன. போனில் ஒரு சோதனை செய்து பார்த்தேன், எனக்கும் இருக்கிறது என்று வந்தது. ஆனால் சிறு வயதில் நான் அமைதியான பிள்ளை. சாதாரண தரத்தில் நல்ல பெறுபேறு எடுத்தவள். எனக்கும் இதுதானா, அல்லது என் சோம்பலுக்கு ஒரு பெயர் தேடுகிறேனா? மகனின் மாத்திரையில் பாதியைப் போட்டுப் பார்க்கலாமா? பாடசாலையில் தெரியவந்தால் வேலைக்கு ஆபத்து வருமா?"

மனநல மருத்துவரின் பதில்

அன்புள்ள சகோதரிக்கு,

மாத்திரை பற்றிய கேள்விக்கு முதலிலேயே பதில் சொல்லிவிடுகிறேன்: வேண்டாம். அதற்கான காரணங்களைக் கீழே எழுதியிருக்கிறேன். உங்களுக்கு இந்தக் குறைபாடு இருக்கிறதா என்பதை ஒரு கடிதத்தை வைத்து எந்த மருத்துவராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. எனினும் நீங்கள் குறிப்பிட்ட விடயங்கள் முறையான பரிசோதனை ஒன்றுக்குப் போதுமானவை என்பதில் எனக்கு ஐயமில்லை. உங்களைப் போன்ற பெற்றோரை நாங்கள் அடிக்கடி காண்கிறோம். பிள்ளையைக் காட்ட வந்த இடத்தில், கேள்விகள் தம்மை நோக்கித் திரும்புவதை உணர்ந்து தயங்கித் தயங்கிக் கேட்பார்கள். இரட்டையர்களை வைத்துச் செய்யப்பட்ட ஆய்வுகள் இந்தக் குறைபாட்டில் மரபின் பங்கு 70 முதல் 80 சதவீதம் வரை எனக் கணிக்கின்றன. ஆகவே மகனிடமிருந்து உங்களை நோக்கி யோசித்துப் பார்த்தது தவறான வழியல்ல.

ஆறு மணித்தியாலத் தையல் எதைக் காட்டுகிறது

உங்கள் மாமியாரின் வாதம் நியாயமானதாகத் தோன்றும். ஒன்றில் ஆறு மணித்தியாலம் ஊன்றியிருக்கக் கூடியவருக்குக் கவனம் இல்லை என்று எப்படிச் சொல்வது? இந்தக் குறைபாட்டின் பெயரைக் கேட்டு எல்லோரும் கொள்ளும் தவறான எண்ணம் இதுதான். ஏ.டி.எச்.டி. உள்ளவரிடம் கவனம் இருக்கிறது. அதைத் தேவையான இடத்தில், தேவையான நேரத்தில் நிறுத்தி வைக்கும் கட்டுப்பாடுதான் தளர்ந்திருக்கிறது. பிடித்தது, புதியது, கைமேல் பலன் தருவது, தலைக்கு மேல் வந்து நிற்கும் அவசரம் ஆகியவை அந்தக் கவனத்தைத் தாமாகவே இழுத்துக்கொள்கின்றன. "இது முக்கியம்" என்ற அறிவு மட்டும் அதை இழுப்பதில்லை.

பிளவுஸில் ஒவ்வொரு தையல் முடியும்போதும் கண்முன்னே ஒரு பலன் தெரிகிறது. விடைத்தாள் அப்படியல்ல. ஒரே கேள்விக்கு ஒரே மாதிரியான விடையை நாற்பது தடவை வாசிக்க வேண்டும். பலன் இரண்டு வாரம் கழித்து ஒரு பட்டியலாக வரும். அதனால் அந்தக் கட்டு அலுமாரியிலேயே கிடக்கிறது. முந்தின இரவில் அதிபரின் முகம் நினைவுக்கு வந்ததும் அச்சம் அவசரத்தைக் கொடுக்கிறது, அத்தனை தாளும் திருத்தப்பட்டுவிடுகின்றன. வேலை தெரியாதவரால் ஒரே இரவில் அதைச் செய்ய முடியாது. திறமை முழுமையாக இருந்தும் தொடக்கம் மட்டும் கைகூடாமல் போவதுதான் இங்கே கவனிக்க வேண்டியது.

சோம்பலோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். சோம்பேறி உழைப்பை மிச்சப்படுத்துகிறவர். குறைந்த பாடு படுவதே அவர் நோக்கம், அதில் அவருக்கு மனநிறைவும் உண்டு. நீங்களோ எல்லோரையும் விட அதிகப் பாடு படுகிறீர்கள். நான்கு மாலைகளில் முடியக்கூடிய திருத்தலுக்காக ஓர் இரவுத் தூக்கத்தையும், அதைத் தொடர்ந்த இரண்டு நாட்களின் தெளிவையும் கொடுக்கிறீர்கள். சில நிமிடங்களில் கட்டியிருக்கக்கூடிய கட்டணத்துக்காக மீளிணைப்புக் கட்டணமும் பஸ் செலவும் அரை நாள் லீவும் மாமியாரின் பேச்சும் சேர்கின்றன. உழைப்பை மிச்சப்படுத்த நினைக்கும் எவரும் இந்த வழியைத் தெரிவு செய்ய மாட்டார். அத்தோடு, வேலையைத் தொடாமல் இருந்த அந்த இரண்டு வாரமும் நீங்கள் நிம்மதியாக இருந்திருக்க மாட்டீர்கள் என்றே நினைக்கிறேன். கட்டு அலுமாரியில் கிடக்கிறது என்ற எண்ணம் ஒவ்வொரு நாளும் உறுத்தியிருக்கும்.

மின்கட்டண விடயத்தை இன்னும் கூர்ந்து பார்க்கலாம், ஏனெனில் பரிசோதனையின்போது மருத்துவர் கேட்கப்போவதும் இப்படிப்பட்ட ஒன்றைத்தான். பட்டியல் வீட்டுக்கு வருகிறது. சனிக்கிழமை ஹட்டனுக்குப் போகும்போது கட்டலாம் என்று எண்ணி அலுமாரி மேல் வைக்கிறீர்கள். சனிக்கிழமை டவுனுக்குப் போய் நூலும் மரக்கறியும் வாங்கித் திரும்பி வருகிறீர்கள். பட்டியல் நினைவுக்கே வரவில்லை. இது ஒரு வகை. பட்டியலும் பணமும் கைப்பையிலேயே இருக்கின்றன, நினைவும் இருக்கிறது, ஆனால் வரிசையில் போய் நிற்க ஏனோ உடம்பு வராமல் "அடுத்த கிழமை" என்று திரும்பிவிடுகிறீர்கள். இது இன்னொரு வகை. சிவப்பு அறிவித்தல் வந்தபின் அந்த உறையைப் பார்க்கவே பயந்து வேறு தாள்களுக்கு அடியில் செருகி வைக்கிறீர்கள். இது மூன்றாவது. முதலாவது எண்ணியதை உரிய வேளையில் நினைவுக்குக் கொண்டுவரும் ஆற்றலின் தளர்ச்சி. இரண்டாவது, ஏற்றத்தில் நிறுத்திய பஸ்ஸை மீண்டும் கிளப்புவது போன்ற தொடக்கச் சிரமம். மூன்றாவது இந்தக் குறைபாடு அல்ல. வருடக்கணக்காகத் திட்டு வாங்கியதால் அதன் மேல் படிந்த வெட்கமும் பதற்றமும். மூன்றுக்கும் வைத்தியம் வேறு வேறு. ஆகையால் வரும் இரண்டு வாரத்துக்கு, தவறிப்போகும் ஒவ்வொரு காரியத்துக்கும் எந்த இடத்தில் அறுந்தது என்று ஒரு வரி மட்டும் எழுதி வையுங்கள். அந்தக் கொப்பியையே தொலைத்துவிட்டால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்; அதுவும் ஒரு தகவல்தான்.

அமைதியான பிள்ளைக்கு இது வராதா

ஓடித் திரிந்து மேசை மேல் ஏறும் ஆண் பிள்ளைதான் இந்தக் குறைபாட்டின் உருவம் என்று ஆசிரியையான நீங்களும் பழகியிருக்கிறீர்கள். கவனச் சிதறல் மட்டும் மேலோங்கிய வகை ஒன்று உண்டு. பெண் பிள்ளைகளிடம் அது எளிதில் கண்ணில் படாமல் போய்விடுகிறது. யன்னல் வழியே பார்த்துக்கொண்டிருக்கும், கொப்பியை வீட்டில் விட்டுவரும், குழப்படி செய்யாத பிள்ளையை எந்த ஆசிரியரும் வைத்தியரிடம் அனுப்புவதில்லை. மிகைச்செயற்பாடு இருந்தவர்களிடமும் வயது ஏற ஏற அது உள்ளே போய்விடுகிறது. ஆசிரியர் கூட்டத்தில் இருப்புக் கொள்ளாமை, மற்றவர் பேசி முடிக்குமுன் இடையில் பேசிவிடுதல், படுத்த பின்னும் எண்ணங்கள் அடங்காமை என்று அது தெரியும்.

சாதாரண தரப் பெறுபேறும் இதை மறுக்கும் சான்றல்ல. அந்த வயதில் உங்கள் நாளை நடத்தியது நீங்கள் அல்ல என்பதை எண்ணிப் பாருங்கள். பிரட்டுக்குப் போகுமுன் எழுப்பிவிட ஒரு தாய் இருந்திருப்பார். பாடம் மாற மணி அடித்தது, வீட்டு வேலை எழுதாவிட்டால் மறுநாளே தண்டனை கிடைத்தது, புத்திக்கூர்மை மீதியைச் சமாளித்தது. வெளிவாரிப் பட்டப்படிப்பில் மணியும் இல்லை, மறுநாள் தண்டனையும் இல்லை. மாதக்கணக்கில் தனியாகத் திட்டமிட வேண்டும். அங்கேதான் நீங்கள் நின்றுபோனீர்கள். பிறகு வேலை, குடும்பம், பிள்ளை, தூரத்தில் கணவர் என்று வீட்டுக் கணக்கு முழுவதும் உங்கள் தலையில் வந்ததும், வெளியிலிருந்து தாங்கிய கம்புகள் ஒவ்வொன்றாக அகன்றுவிட்டன. 36 வயதில் புதிதாக வந்தது போலத் தெரிவது இதனால்தான்.

ஆனால் உண்மையிலேயே புதிதாக வந்திருந்தால் அது ஏ.டி.எச்.டி. அல்ல. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் 2013ஆம் ஆண்டு வகைப்பாட்டின்படி 12 வயதுக்கு முன்பே சில அறிகுறிகளாவது இருந்திருக்க வேண்டும். முன்னர் இந்த எல்லை 7 வயதாக இருந்தது. பெரியவர்களுக்குக் கவனம் சார்ந்த ஒன்பது அறிகுறிகளிலோ, மிகைச்செயற்பாடு சார்ந்த ஒன்பதிலோ குறைந்தது ஐந்து அறிகுறிகள் ஆறு மாதத்துக்கு மேல் நீடித்திருக்க வேண்டும். அவை வீடு, வேலைத்தலம் என ஓரிடத்துக்கு மேல் தெரிந்து, வாழ்க்கையைப் பாதித்திருக்கவும் வேண்டும். பாடசாலையில் மட்டும் தடுமாறி வீட்டில் ஒழுங்காக இருப்பவருக்கு அதிபரோடோ வேலைச்சுமையோடோதான் பிரச்சினை. ஆரம்ப வகுப்புத் தேர்ச்சி அறிக்கைகள் எங்காவது கிடைக்குமா என்று தேடுங்கள். "கெட்டிக்காரி, ஆனால் கவனம் போதாது" என்று மூன்று வகுப்பில் மூன்று ஆசிரியர்கள் எழுதியிருந்தால், அது இன்றைய உங்கள் நினைவைவிட உறுதியான ஆதாரம். அறிக்கை கிடைக்காவிட்டால் உங்கள் அம்மாவிடமோ அக்காவிடமோ கேளுங்கள். "நீ சோம்பேறியாக இருந்தாயா" என்பது பயன் தராத கேள்வி. கடைக்கு அனுப்பினால் எதை மறந்து வந்தேன், எத்தனை குடை தொலைத்தேன் என்று சம்பவமாகக் கேளுங்கள்.

போனில் செய்த சோதனையும் அதன் எல்லையும்

உலக சுகாதார நிறுவனத்தின் பெயரில் ஆறு கேள்விகள் கொண்ட ஒரு வடிகட்டிப் பட்டியல் உண்டு. நீங்கள் செய்தது அதன் ஏதோவொரு வடிவமாக இருக்கலாம். யாரை மேலும் பரிசோதிக்க வேண்டும் என்று பிரிப்பதற்காக அமைந்தது அது. தூக்கமில்லாதவரும் மனச்சோர்வு உள்ளவரும் இரத்தச்சோகை உள்ளவரும் அதே கேள்விகளுக்கு அதே பதிலைச் சொல்லக்கூடும்.

எனவே முதலில் சில காரணங்களை விலக்க வேண்டும். மலையகப் பெண்களிடம் இரும்புச்சத்துக் குறைபாடு அடிக்கடி காணப்படுவது. சோர்வு, மறதி, எதையும் தொடங்க முடியாமை ஆகிய மூன்றையும் அது தரும். சாப்பாட்டோடு சேர்த்துப் பிளேன்டீ குடிக்கும் நமது வழக்கம் உணவிலுள்ள இரும்பை உடல் உறிஞ்சுவதைக் குறைக்கிறது என்பதையும் இங்கே சொல்லி வைக்கிறேன். இரத்தப் பரிசோதனையும் தைரொயிட் பரிசோதனையும் செய்து பாருங்கள். மனச்சோர்வு என்றால் அதற்கு ஒரு தொடக்கம் இருக்கும், பிடித்த வேலையிலும் விருப்பம் போய்விடும்; தையலில் உங்களுக்கு இன்னும் ஆசை இருப்பது வேறு திசையைக் காட்டுகிறது. ஆனாலும் இத்தனை வருடத் திட்டுக்குப் பின் இரண்டும் சேர்ந்தே இருக்கலாம். அதிகாலை நான்கு மணிக்கு எழுந்து நள்ளிரவு வரை தைப்பவர் என்றால், முதலில் சில வாரம் தூக்கத்தைச் சீராக்கிப் பார்க்காமல் எந்த முடிவுக்கும் வரக்கூடாது.

பாதி மாத்திரை

மகனுக்குக் கொடுத்திருப்பது பெரும்பாலும் மெத்தில்ஃபெனிடேட் ஆக இருக்கும். அது நாடித்துடிப்பையும் இரத்த அழுத்தத்தையும் சற்று உயர்த்தும், பசியையும் தூக்கத்தையும் குறைக்கும். ஆகவே அதைத் தொடங்குமுன் உங்கள் இரத்த அழுத்தத்தையும், குடும்பத்தில் இதய நோய் உண்டா, நீங்கள் கர்ப்பமாக இருக்க வாய்ப்புண்டா, வேறு மருந்து எடுக்கிறீர்களா என்பவற்றையும் பார்க்க வேண்டும். மெதுவாகக் கரையும்படி செய்த சில வகை மாத்திரைகளை உடைத்தால் மருந்து ஒரேயடியாக வெளியாகிவிடும். இது கட்டுப்பாட்டுக்குட்பட்ட மருந்து என்பதால் மகனுக்கு எண்ணித்தான் தருவார்கள். நீங்கள் எடுத்தால் அவனுக்கு நாட்கள் குறையும்.

இவை எல்லாவற்றையும் விட நீங்கள் அறிய வேண்டியது, அந்தச் சோதனையால் உங்கள் கேள்விக்கு விடை கிடைக்காது என்பதுதான். குறைபாடு இல்லாத ஒருவருக்கும் இந்த மருந்து சில மணித்தியாலம் விழிப்பையும் உற்சாகத்தையும் தரக்கூடும். "போட்டதும் தெளிவாக இருந்தது, ஆகவே எனக்கு இருக்கிறது" என்ற முடிவும் தவறு; ஒன்றும் தெரியவில்லை என்பதால் இல்லை என்று தீர்மானிப்பதும் தவறு.

எங்கே போவது, என்ன எதிர்பார்ப்பது

மகனைக் காட்டும் மருத்துவரிடமே உங்களைப் பற்றியும் சொல்லலாம். அவர் பெரியவர்களுக்கான மனநல கிளினிக்குக்குக் கடிதம் தருவார். நுவரெலியா, பதுளை, கண்டி ஆகிய இடங்களின் அரச வைத்தியசாலைகளில் இலவசமாகவே இந்தச் சேவை இருக்கிறது. எங்கே தொடங்குவது என்று தெரியாவிட்டால் தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு அழைத்துக் கேட்கலாம். மருத்துவர் தமிழ் பேசாதவராக இருக்கக்கூடும், நெரிசலான கிளினிக்கில் நேரமும் குறைவு. ஆகையால் மேலே சொன்ன இரண்டு வாரக் குறிப்பு, பழைய அறிக்கைகள், பள்ளிப்பருவம் முதல் பாதியில் நின்ற காரியங்களின் சுருக்கம் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதிக்கொண்டு, முடிந்தால் சிங்களம் தெரிந்த, நம்பிக்கையான ஒருவரோடு போங்கள். முதல் நாளிலேயே தீர்ப்புக் கிடைக்காது; ஒன்றுக்கு மேற்பட்ட சந்திப்புகள் தேவைப்படும்.

குறைபாடு உறுதியானால் மெத்தில்ஃபெனிடேட் அல்லது அட்டோமொக்ஸெட்டீன் பற்றிப் பேசுவார்கள். முன்னையதன் பயன் அதே நாளில் தெரியும், பின்னையதற்குச் சில வாரங்கள் ஆகும். எந்த மருந்தாக இருந்தாலும் அது விடைத்தாளைத் திருத்தித் தராது. உட்காரவும் எழும்பாமல் இருக்கவும் உதவும், அவ்வளவே. வேலையை ஒழுங்குபடுத்தும் முறையை நீங்கள்தான் அமைக்க வேண்டும், அதை இன்றே தொடங்கலாம். திருத்தலை வீட்டுக்குக் கொண்டுபோகாமல், பாடசாலை முடிந்தபின் இன்னோர் ஆசிரியையோடு ஒரே மேசையில் உட்கார்ந்து செய்யுங்கள். அவர் உங்களைக் கண்காணிக்க வேண்டியதில்லை. பக்கத்தில் ஒருவர் அதே வேலையைச் செய்வதே தொடக்கச் சிரமத்தைப் பெரிதும் குறைக்கும். நாற்பதையும் எடுக்காமல் ஐந்தைந்தாகக் கட்டுங்கள். கடிகாரத்தைக் கண்முன் வைத்து ஒரு கட்டுக்கு எவ்வளவு நேரம் என்று எழுதுங்கள். ஒரு மணித்தியாலத்தில் முடியும் என்று நீங்கள் கணக்கிடும் வேலை உண்மையில் எவ்வளவு பிடிக்கிறது என்பது அப்போதுதான் தெரியவரும். நேரத்தைக் குறைத்து மதிப்பிடுவதும் இந்தக் குறைபாட்டின் ஒரு கூறுதான். மின்கட்டணத்தை உங்கள் தலையில் வைத்திருக்கத் தேவையே இல்லை. பட்டியலைப் படம் எடுத்துக் கணவருக்கு அனுப்பி, அவரே போனில் கட்டிவிடும்படி ஒழுங்கு செய்யுங்கள்.

பாடசாலையைப் பற்றிய உங்கள் அச்சத்துக்கு வருகிறேன். கிளினிக் கொப்பி உங்கள் கையில்தான் இருக்கும். உங்கள் சம்மதமின்றி மருத்துவர் அதிபருக்கோ வலயக் கல்வி அலுவலகத்துக்கோ எதையும் அறிவிப்பதில்லை. உங்கள் சுயவிவரக் கோவையில் ஏறக்கூடியது நோயின் பெயரை விடப் பட்டியல் தாமதத்துக்கான விளக்கம் கோரல்தான். அது வந்தபின் நோயைக் காரணம் காட்டினால் சாக்குப்போக்காகவே பார்க்கப்படும், சட்டப்படியும் அது கடமையிலிருந்து விலக்குத் தராது. இப்போதைக்கு நோயின் பெயரைச் சொல்லாமல் தேவையை மட்டும் கேட்கலாம்: "பட்டியலை ஒரே நாளில் கேட்காமல் வகுப்பு வகுப்பாகத் தனித்தனித் திகதி கொடுங்கள், சேர்." மறுக்கப்பட வாய்ப்பில்லாத கோரிக்கை அது. நோய் உறுதியான பிறகு சொல்வதா, யாரிடம் சொல்வது என்பது முழுக்க உங்கள் தெரிவு. எல்லோர் முன்னும் திட்டிய ஒருவரிடம் அவசரப்பட்டுச் சொல்ல வேண்டாம் என்பதே என் கருத்து.

மகனைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். ஒவ்வொரு நாளும் வேளை தவறாமல் மருந்து கொடுப்பது, கிளினிக் திகதியை நினைவில் வைப்பது, பாடசாலைக்குப் போகுமுன் அவனைச் சாப்பிடவைப்பது ஆகிய எல்லாமே உங்களுக்குக் கடினமான வகை வேலைகள். எத்தனை நாள் மாத்திரை தவறுகிறது என்பதை அவனது மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள், இல்லாவிட்டால் மருந்து பலிக்கவில்லை என்று நினைத்து அளவைக் கூட்டிவிட நேரும். மாத்திரை கொடுக்கும் பொறுப்பை மாமியாரிடம் ஒப்படையுங்கள். அவர் ஒழுங்கானவர் என்பது உங்கள் கடிதத்திலேயே தெரிகிறது. கிழமை நாட்களின் பெயர் எழுதிய ஏழு சிறு உறைகளில் மாத்திரைகளைப் போட்டு, ஞாயிறு இரவே அவர் கையில் கொடுத்துவிடுங்கள்.